பச்சை மஞ்சள்: ஒரு துண்டின் எடை என்ன?

கேள்வி: அன்புள்ள அம்மா, நான் ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியர், மொரிஷியஸில் ரோஸ் ஹில்லில் இருக்கிறேன். வயது 67. எடை 60 கிலோ. வேறு மருந்து எதுவும் சாப்பிடுவதில்லை. வீட்டுக் கொல்லையில் சஃப்ரான், அதாவது மஞ்சள், நன்றாக விளைந்திருக்கிறது. நண்பர் ஒருவர் சொன்னதால், நானும் மனைவியும் தினமும் காலையில் வெறும் வயிற்றில் என் சுண்டுவிரல் அளவு பச்சைக் கிழங்கை நான்கைந்து மிளகுடன் மென்று தின்கிறோம். ஒரு மாதமாகிறது. எனக்கு நெஞ்செரிச்சல் வந்திருக்கிறது. மனைவிக்குப் போன வருடம் எடுத்த ஸ்கேனில் பித்தப்பையில் கல் இருப்பதாகச் சொன்னார்கள், ஆனால் வலி இல்லை என்பதால் அப்படியே விட்டுவிட்டோம். மஞ்சளைப் பச்சையாகத் தின்னலாமா? பொடியும் கிழங்கும் ஒன்றுதானா? பிரான்சில் இருக்கும் மகள் மஞ்சள் மாத்திரை அனுப்பட்டுமா என்று கேட்கிறாள்.

பதில்:

ஐயா, முதலில் உங்கள் மனைவியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், மற்றவை காத்திருக்கலாம். அவர் நாளைக் காலை முதல் பச்சை மஞ்சளை நிறுத்திவிட வேண்டும். குழம்பில் போடும் மஞ்சளுக்குத் தடையில்லை. மென்று தின்பதும், அரைத்துச் சாறாகக் குடிப்பதும், மாத்திரையும் வேண்டாம். காரணத்தைப் பின்னால் விளக்குகிறேன்.

உங்களைப் பொறுத்தவரை, பச்சை மஞ்சள் தின்னக்கூடாத பொருள் இல்லை. நன்றாகக் கழுவிய நல்ல கிழங்கைச் சாப்பாட்டோடு கொஞ்சமாகத் தின்றால் ஆரோக்கியமான பெரியவருக்கு ஒன்றும் ஆகாது. வட இந்தியாவில் குளிர்காலம் வந்தால் பச்சை மஞ்சளை மெல்லிசாக நறுக்கி, எலுமிச்சைச் சாறும் உப்பும் சேர்த்து ஊறவைத்துச் சாப்பாட்டுக்குத் தொட்டுக்கொள்கிறார்கள். அதில் அடுப்புக்கே வேலையில்லை. ஆனால் அங்கே தட்டில் விழுவது நாலைந்து சீவல். நீங்கள் தின்பது ஒரு விரல். உங்கள் நெஞ்செரிச்சலுக்கு அந்த வித்தியாசம் போதும்.

கடிதத்தைப் படித்ததும் எனக்குத் தோன்றியது, உங்கள் சுண்டுவிரல் எத்தனை கிராம் என்பதுதான். சமையலறைத் தராசு இருந்தால் நாளைக்கு ஒரு துண்டை வைத்துப் பாருங்கள். நல்ல பருமனான விரலி மஞ்சளில் சுண்டுவிரல் நீளத் துண்டு 20 முதல் 25 கிராம் வரை இருக்கும். கணக்குக்கு 25 கிராம் என்று வைத்துக்கொள்வோம்.

பச்சைக் கிழங்கின் பெரும்பகுதி தண்ணீர். விவசாயிகள் சொல்லும் கணக்குப்படி, ஐந்து கிலோ பச்சை மஞ்சளை வேகவைத்துக் காயவைத்தால் ஏறக்குறைய ஒரு கிலோ காய்ந்த மஞ்சள் கிடைக்கும். ரகத்தைப் பொறுத்துக் கூடக் குறைய இருக்கலாம். ஆக உங்கள் 25 கிராம் துண்டு 5 கிராம் மஞ்சள் பொடிக்குச் சமம். அதாவது ஒன்றரைத் தேக்கரண்டிக்கும் சற்று அதிகம். நாலு பேருக்குச் செய்யும் மீன் குழம்பில் ஒரு தேக்கரண்டி போடுவோம். நீங்கள் ஒருவர் மட்டும், வெறும் வயிற்றில், குழம்புச் சட்டி முழுவதற்கும் போடுவதைவிட அதிகமாகத் தினமும் தின்றுகொண்டிருக்கிறீர்கள்.

மஞ்சளுக்கு நிறம் தரும் பொருள் குர்குமின். இப்போது எல்லாரும் மருந்து என்று பேசுவதும் அதைத்தான். காய்ந்த மஞ்சளில் அது நூற்றுக்கு இரண்டிலிருந்து ஐந்து பங்கு வரை இருக்கும், சராசரியாக மூன்று என்று கொள்ளலாம். அப்படியானால் உங்கள் துண்டில் சுமார் 150 மில்லிகிராம். கிழங்கு நல்ல நிறமுள்ள ரகமாக இருந்தால் 250 வரை போகலாம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் குர்குமினை உணவு நிறமியாக மதிப்பிட்டபோது, ஒருவர் வாழ்நாள் முழுதும் தினந்தோறும் எடுத்துக்கொண்டாலும் கவலை வேண்டாம் என்று வைத்த அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ள உங்களுக்கு அது 180. இந்த எல்லையைத் தாண்டினால் உடனே நஞ்சாகிவிடும் என்று பொருளில்லை, நிறைய இடம் விட்டு வைத்த எல்லை அது. ஆனால் குழம்பு, அச்சார், விந்தாய் என்று நம் வீட்டுச் சாப்பாட்டில் சேரும் மஞ்சளும் இதே கணக்கில்தான் வரும். காலைத் துண்டிலேயே ஒதுக்கீட்டை ஏறக்குறைய முடித்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு உட்காருகிறீர்கள்.

உங்களுக்கு நான் சொல்லும் அளவு 3 முதல் 5 கிராம். கட்டைவிரலின் நுனிப் பகுதி, நகம் இருக்கும் அளவுக்கு ஒரு துண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைத் துருவி, மதியச் சாதத்தோடோ எலுமிச்சை பிழிந்த காய்கறியோடோ சேர்த்துத் தின்னுங்கள். வெறும் வயிற்றில் வேண்டாம். பச்சைக் கிழங்கில் உள்ள மணமுள்ள எண்ணெய்கள் காரமானவை, வெறும் இரைப்பையில் விழுந்தால் எரிச்சல் தரும். வேகாத மாவுச்சத்தும் சிலருக்கு வாயுவை உண்டாக்கும். முதலில் ஒரு வாரம் முழுவதுமாக நிறுத்திப் பாருங்கள். எரிச்சல் போய்விட்டால் காரணம் தெரிந்துவிட்டது. நிறுத்திய பிறகும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, விழுங்கும்போது தடை தெரிந்தாலோ, மலம் கறுப்பாகப் போனாலோ மஞ்சளை மறந்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள். 67 வயதில் புதிதாக வந்த நெஞ்செரிச்சலை ஒரு கிழங்கின் தலையில் கட்டிவிட்டு உட்காரக் கூடாது.

மிளகு விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் நண்பர் சொன்னதற்கு ஆதாரம் உண்டு. பெங்களூரில் 1998-இல் செய்த ஓர் ஆய்வில், 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைபரின், அதாவது மிளகின் காரப்பொருள், கொடுத்தபோது இரத்தத்தில் சேரும் குர்குமின் இருபது மடங்கு வரை கூடியது. இதைத்தான் எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். சாதாரணமாக நம் குடலும் ஈரலும் குர்குமினை மிக விரைவாக மாற்றி வெளியேற்றிவிடும். அந்தக் காவலைத்தான் பைபரின் தளர்த்துகிறது. பாவம், காவலைத் தளர்த்தும்போது அது ஆள் பார்த்துத் தளர்த்துவதில்லை. வலிப்பு நோய்க்கான ஃபெனிட்டோயின் போன்ற மருந்துகளும் அதனால் இரத்தத்தில் கூடலாம். நீங்கள் மருந்து எதுவும் சாப்பிடாததால் உங்களுக்கு அது பெரிய விஷயமில்லை. ரசத்தில் மிளகு போடுவதை யாரும் நிறுத்த வேண்டியதில்லை. பச்சை மஞ்சளோடு எண்ணி எண்ணி மிளகை மெல்லுவது தேவையற்றது என்பதுதான் என் கருத்து.

இனி உங்கள் மனைவி. பித்தப்பை என்பது ஈரலுக்கு அடியில் இருக்கும் சிறிய பை. கொழுப்புள்ள சாப்பாடு குடலுக்கு வந்ததும் அது சுருங்கிப் பித்தநீரைப் பீய்ச்சும். குர்குமினும் அதைச் சுருங்கவைக்கிறது. இந்தோனேசியாவில் 1999-இல் ஆரோக்கியமானவர்களுக்கு 20 மில்லிகிராம் குர்குமின் கொடுத்து அல்ட்ராசவுண்டில் பார்த்தார்கள். இரண்டு மணி நேரத்துக்குள் பித்தப்பை கால் பங்குக்கு மேல் சுருங்கியிருந்தது. பின்னர் அளவைக் கூட்டிப் பார்த்தபோது, 40 மில்லிகிராமில் ஏறக்குறையப் பாதியாகவே சுருங்கியது. 20 மில்லிகிராம் என்பது எவ்வளவு பச்சை மஞ்சள்? மேலே போட்ட கணக்கைத் திருப்பிப் போட்டால் மூன்று கிராமுக்குச் சற்று அதிகம். உங்களுக்கு நான் பரிந்துரைத்த அந்தச் சிறு துண்டே அவருடைய பித்தப்பையைச் சுருக்கப் போதுமானது. கல் இல்லாதவருக்கு அதனால் தீங்கில்லை, செரிமானத்துக்கு நல்லது என்றுகூடச் சொல்வார்கள். கல் உள்ள பை இறுகச் சுருங்கினால் ஒரு கல் நகர்ந்து குழாயின் வாயில் போய் அடைத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. சும்மா இருக்கும் கல்லைச் சும்மா விடுவதுதான் அவருக்கு நல்லது.

இந்த ஒரு மாதத்தில் அவருக்கு வலி வரவில்லை என்றால் அது நல்ல செய்திதான், தொடர்வதற்கு அனுமதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அடைப்பு வந்தால் எப்படித் தெரியும் என்பதை வீட்டில் எல்லாரும் அறிந்திருப்பது நல்லது. வலது பக்க விலா எலும்பின் கீழோ நடு மேல்வயிற்றிலோ விட்டுவிடாத வலி வரும். பெரும்பாலும் எண்ணெய்ச் சாப்பாட்டுக்குப் பின், இரவில் வரும். சில சமயம் வலது தோள்பட்டைக்கோ முதுகுக்கோ ஏறும். சாதாரண வாயு வலிபோல ஏப்பம் விட்டதும் போகாது. அதோடு குளிர்சுரமும் சேர்ந்தால் காலை வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இன்னொன்று, மஞ்சள் காமாலை. மஞ்சள் துருவும் வீட்டில் இதில் ஒரு வேடிக்கையான குழப்பம் உண்டு. துருவிய கை நாலு நாளுக்கு மஞ்சளாகவே இருக்கும், உள்ளங்கையைப் பார்த்துப் பயந்து என்னிடம் வந்தவர்கள் இருக்கிறார்கள். கையைப் பார்க்காதீர்கள், கண்ணைப் பாருங்கள். நல்ல வெளிச்சத்தில், பகலில், கண்ணின் வெண்பகுதி மஞ்சளாக இருக்கிறதா என்று பாருங்கள். துருவிய கிழங்கின் சாயம் அங்கே ஏறாது. மலத்தையும் பாருங்கள். நிறைய மஞ்சள் தின்றவருக்கு மலம் நல்ல மஞ்சளாகப் போகலாம், உடலில் சேராத குர்குமின் அப்படித்தான் வெளியேறுகிறது, அதில் ஆபத்தில்லை. மலம் வெளிறிச் சாம்பல் நிறமாகவும் சிறுநீர் கறுந்தேயிலைபோலவும் இருந்தால்தான் பித்தக்குழாயோ ஈரலோ சரியில்லை என்று பொருள்.

'கல்' என்று மட்டும் சொன்னால் சிலர் பித்தக்கல்லையும் சிறுநீரகக் கல்லையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். இரண்டும் வேறு, இரண்டுக்கும் மஞ்சளோடு வேறு வேறு வழக்கு உண்டு. மஞ்சளில் ஆக்சலேட் என்னும் உப்பு அதிகம், அதுவும் பெரும்பகுதி தண்ணீரில் கரைந்து குடலில் எளிதாக உறிஞ்சப்படும் வகை. சிறுநீரகக் கற்களில் பெரும்பாலானவை கால்சியம் ஆக்சலேட்டால் ஆனவை. எனவே உங்கள் குடும்பத்தில் அந்தக் கல் வந்தவர்கள் யாரேனும் இருந்தால், அவர்களும் தினசரி மஞ்சள் பழக்கத்தைத் தொடங்க வேண்டாம். பச்சையா பொடியா என்பதால் இதில் வித்தியாசம் வராது.

பொடியும் கிழங்கும் ஒன்றா என்று கேட்டிருந்தீர்கள். ஒரே கிழங்குதான், ஆனால் பொடி ஏற்கெனவே ஒருமுறை சமைக்கப்பட்டது. இது பலருக்குத் தெரியாது. நிலத்திலிருந்து எடுத்த மஞ்சளை அப்படியே காயவைப்பதில்லை. முதலில் தண்ணீரில் முக்கால் மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை வேகவைப்பார்கள். நுரை பொங்கி, ஆவியில் மஞ்சள் மணம் அடித்து, ஈர்க்குச்சி குத்தினால் தடையில்லாமல் இறங்கும்போது எடுப்பார்கள். வேகும்போது உள்ளே மாவுச்சத்து கூழாகிறது, நிறம் கிழங்கு முழுக்கச் சமமாகப் பரவுகிறது, பச்சை வாடை போகிறது, முளைக்கும் உயிரும் போய்விடுகிறது. பிறகு பத்துப் பதினைந்து நாள் வெயிலில் காயும். ஈரம் நூற்றுக்குப் பத்துப் பங்கு அளவுக்கு வற்றி, ஒடித்தால் உலோகம்போல 'டங்' என்று ஒலி வர வேண்டும். அதன் பிறகே மேல்தோலைத் தேய்த்து மெருகேற்றி அரைப்பார்கள்.

இவ்வளவு அடுப்பையும் வெயிலையும் பார்த்த பொடியில் எது குறைகிறது? முக்கியமாக மணம். ஆவியாகிப் போகும் எண்ணெயில் ஒரு பங்கு வேகும்போதும் காயும்போதும் போய்விடுகிறது. பச்சைக் கிழங்கை வெட்டியதும் இஞ்சியும் காரட்டும் கலந்ததுபோல எழும் வாசனை பொடியில் இருக்காது. பொடியின் வாசனை மண்ணும் மரமும் கலந்தது. நிறம் தரும் குர்குமின் அவ்வளவாகப் போவதில்லை. தண்ணீர் போய்விடுவதால் எடைக்கு எடை பார்த்தால் பொடியில்தான் அது அதிகம். பச்சை என்பதால் சத்து கூடுதல் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில்தான் வழுக்குகிறார்கள். கிராமுக்குக் கிராம் பொடி ஐந்து மடங்கு அடர்த்தியானது. ஆனால் பொடியை யாரும் 5 கிராம் வாயில் கொட்டிக்கொள்வதில்லை, கசப்பும் தூசியும் தொண்டையில் அடைத்துக்கொண்டு நம்மை நிறுத்திவிடும். கிழங்கில் ஈரமும் கடிக்கச் சுகமும் இருப்பதால் ஒரு விரலே உள்ளே போவது தெரிவதில்லை.

சமையலில் மாற்றிப் போட விரும்பினால் எடையை வைத்துப் போடுங்கள். ஒரு தேக்கரண்டிப் பொடி ஏறக்குறைய 3 கிராம், அதற்கு ஈடாக 15 கிராம் பச்சைக் கிழங்கு. மீன் விந்தாய்க்கு நீங்கள் கொல்லைக் கிழங்கைப் பயன்படுத்தலாம், நன்றாகவே இருக்கும். கடுகோடும் பூண்டோடும் சேர்த்து அரைத்து, வினிகர் ஊற்றுவதற்கு முன் எண்ணெயில் பச்சை வாடை போகும் வரை, அதாவது பொடிக்கு வதக்குவதைவிட மூன்று நான்கு நிமிடம் கூடுதலாக வதக்குங்கள். மஞ்சளின் நிறம் தண்ணீரில் கரையாது, எண்ணெயில்தான் கரையும். எண்ணெயின் ஓரம் மஞ்சளாகப் பிரிந்து வரும்போது வதங்கிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். வதக்காமல் வினிகரில் போட்டுவிட்டால் விழுது தனியாகவும் நிறம் மங்கிய சாறு தனியாகவும் நிற்கும்.

பச்சைக் கிழங்கின் பக்கம் ஒரு வசதி உண்டு, அதில் கலப்படம் செய்வது எளிதல்ல. காய்ந்த மஞ்சளிலும் பொடியிலும் முடியும். வங்காளதேசத்தில் மஞ்சளுக்குப் பளபளப்பான நிறம் வர லெட் குரோமேட் என்னும் ஈயச் சாயம் பூசியதை 2019-இல் வெளியான ஆய்வுகள் அம்பலப்படுத்தின. கர்ப்பிணிகளின் இரத்தத்தில் இருந்த ஈயத்துக்கு அதுவும் ஒரு முக்கியக் காரணம் என்று கண்டறிந்தார்கள். அரசு கடுமையாக நடவடிக்கை எடுத்த பிறகு அங்கே அது பெரிதும் ஒழிந்தது. கடைப்பொடியில் ஈயம் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல வழியில்லை. தண்ணீரில் கரைத்துப் பார்க்கும் சோதனையையும் நம்ப வேண்டாம். உங்கள் கொல்லையிலேயே விளைகிறது, நீங்களே பொடி செய்துகொள்ளலாம். மேலே சொன்னதுபோல வேகவைத்து, காசு தடிமனுக்கு வில்லைகளாக நறுக்கிக் காயவையுங்கள். ரோஸ் ஹில்லில் மழைக்கால ஈரத்தில் முழுக் கிழங்கு உள்ளே காயாமல் பூஞ்சை பிடிக்கும், க்யூர்பீப் பக்கம் என்றால் கேட்கவே வேண்டாம். வெயில் ஏமாற்றினால் அடுப்புப் பெட்டியை 60 டிகிரியில் வைத்து, கதவைச் சிறிது திறந்தபடி உலர்த்துங்கள். ஒடித்தால் வளையாமல் முறிய வேண்டும். சாம்பல் பூத்த வில்லையை, ஓரத்தை மட்டும் வெட்டிவிட்டு அரைக்கலாம் என்று பார்க்காதீர்கள், எறிந்துவிடுங்கள். பூஞ்சை விடும் நஞ்சு கண்ணுக்குத் தெரியும் இடத்தோடு நிற்பதில்லை, அரைத்தாலும் வறுத்தாலும் போவதுமில்லை.

பச்சையாகத் தின்பதற்குக் கிழங்கைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் தேவை. இலை மஞ்சளாகிக் காய்ந்து சாய்ந்த பிறகு, நம் குளிர்கால மாதங்களில் தோண்டுங்கள். அழுத்தினால் கெட்டியாக, வெட்டினால் அடர் ஆரஞ்சு நிறமாக இருக்க வேண்டும். வெட்டிய இடம் வெளிறிய மஞ்சளாகவும் மாங்காய் மணமாகவும் இருந்தால் அது மாஇஞ்சி, அதையும் பச்சையாகத் தின்னலாம். கற்பூர வாடையோடு வெளிறியிருந்தால் அது கஸ்தூரி மஞ்சளாக இருக்கலாம், அது பூசிக் குளிக்க வைத்துக்கொண்டது, தின்ன வேண்டாம். பார்த்து முடிவு செய்ய முடியாத கிழங்கைச் சமையலுக்கும் எடுக்காதீர்கள்.

மண்ணில் விளைந்ததைச் சூடு காட்டாமல் தின்கிறீர்கள் என்பதை மறக்கக் கூடாது. கணுக்களில் ஒட்டிய மண்ணில் எருவின் கிருமிகளும் இருக்கும். ஓடும் தண்ணீரில், பல் துலக்கும் பழைய பிரஷ்ஷால் கணுக் கணுவாகத் தேய்த்துக் கழுவி, பிறகு கரண்டியின் ஓரத்தால் தோலைச் சுரண்டுங்கள். முதலில் சுரண்டிப் பிறகு கழுவினால் தோலின் மண் உள்ளே ஏறும். கொல்லையில் கோழி மேய்கிறதென்றால், அல்லது புது எரு போட்டிருக்கிறீர்கள் என்றால், கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்துத் தின்னுங்கள். மேல்பரப்பின் கிருமிக்கு அது போதும், மொறுமொறுப்பும் போகாது. மீதிக் கிழங்கைக் கழுவாமல் காகிதத்தில் சுற்றி ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று வாரம் தாங்கும். அதற்கு மேல் வேண்டுமானால் ஃப்ரீசரில் முழுதாக வைத்து, உறைந்தபடியே துருவலாம்.

உங்கள் வீட்டில் மற்றவர்களுக்கும் இந்தப் பழக்கம் பரவும் போலத் தோன்றுவதால் ஒன்று சேர்த்துவிடுகிறேன். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் பச்சை மஞ்சளையும் சாற்றையும் தொடக்கூடாது. நியூசிலாந்தின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-இல் ஒரு நிகழ்வை வெளியிட்டது. வார்ஃபரின் அளவு சீராக இருந்த ஒருவர் மஞ்சள் கலந்த ஒரு தயாரிப்பைத் தொடங்கிய சில வாரங்களில் இரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்பதைக் காட்டும் ஐ.என்.ஆர். 10-க்கு மேல் ஏறிவிட்டது. பொதுவாக அது 2-க்கும் 3-க்கும் இடையில் இருக்க வேண்டியது. அறுவைச் சிகிச்சை நாள் குறித்தவர்கள் இரண்டு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். கர்ப்பிணிகள் குழம்பில் சேரும் அளவோடு நிற்க வேண்டும்.

மகளுக்கு என்ன எழுதுவது? மாத்திரை அனுப்ப வேண்டாம் என்று எழுதுங்கள். அவள் இருக்கும் பிரான்சிலேயே, தேசிய உணவுப் பாதுகாப்பு நிறுவனமான ஆன்ஸஸ் 2022-இல் இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. மஞ்சள் கலந்த சத்து மாத்திரைகளால் விளைந்த பாதிப்புகள் குறித்து நூற்றுக்கும் மேற்பட்ட முறையீடுகள், அதில் 15 ஈரல் அழற்சி. இத்தாலியிலும் ஏறக்குறைய இருபது பேருக்கு அப்படி நேர்ந்தது. இந்த மாத்திரைகளில் குர்குமினை மட்டும் பிரித்தெடுத்து அடைக்கிறார்கள். உடல் எளிதாக உறிஞ்சிக்கொள்ள மிளகுச் சத்தோ வேறு உத்தியோ சேர்க்கிறார்கள். நம் உடலின் காவல் எதை வெளியே தள்ளிக்கொண்டிருந்ததோ, அது உள்ளே வந்துவிடுகிறது. அமெரிக்காவில் இப்படி ஈரல் பாதித்த பத்துப் பேரை ஆராய்ந்தவர்கள் அவர்களில் ஏழு பேரிடம் ஒரே மரபணுக் கூறு இருந்ததை 2022-இல் கண்டார்கள். அது யாரிடம் இருக்கிறதென்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. பெரும்பாலானோருக்கு ஒன்றும் ஆகாது, ஆகிறவருக்குக் கடுமையாக ஆகிறது.

ஏற்கெனவே ஒரு டப்பா வந்து சேர்ந்திருந்தால் திறக்காமல் வையுங்கள். நீங்களோ மனைவியோ அதிலிருந்து சாப்பிட்டிருந்து, சோர்வு, குமட்டல், பசியின்மை, அடர்நிறச் சிறுநீர் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு ஈரல் பரிசோதனைக்கு இரத்தம் கொடுங்கள். டப்பாவையும் எடுத்துப் போங்கள். மனைவி அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது, இந்த ஒரு மாதம் காலையில் என்ன தின்றார், எவ்வளவு தின்றார் என்பதையும் அவராகவே சொல்லட்டும். மருந்து என்ன சாப்பிடுகிறீர்கள் என்றுதான் மருத்துவர் கேட்பார், கொல்லையில் விளைந்ததை மருந்துக் கணக்கில் யாரும் சொல்வதில்லை.